கால் நகத்தை நேராக வெட்டுவது எப்படி: நகவெட்டி, அரம், புஷர் வாங்குவது முதல் மூலையைக் காப்பது வரை

கால் கட்டைவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கிவிட்டால் செருப்பு மாட்டுவதும் படியேறுவதும் போர்வை விரலில் உரசுவதும்கூட வேதனையாகிவிடும். என் அக்கா மகனுக்கு அப்படி வந்தபோது, அவன் விரலைப் பல மாதம் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் கைக்கு வந்தது. கேட்டவர்கள் எல்லோரும் “நேராக வெட்டுங்கள்” என்று சொன்னார்கள். ஆனால் எந்தக் கருவியால், எங்கே தொடங்கி, எவ்வளவு விட்டு, கடைசித் துணுக்கை என்ன செய்வது என்பதை ஒருவரும் விளக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இதை எழுதுகிறேன். கை நகத்துக்கான அழகுக் குறிப்பு எதுவும் இதில் இல்லை. கால் கட்டைவிரல் நகத்தின் இரண்டு மூலைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

காரணத்தை முதலில் சொல்லிவிட்டால் பின்வரும் படிகள் எளிதில் புரியும். நகம் வேரிலிருந்து முன்னோக்கி வளர்கிறது. அதன் இரு ஓரங்களும் சதை மடிப்புகளுக்கு இடையே ஒரு பள்ளத்தில் நகர்கின்றன. மூலை சதைக்கு முன்னால் வெளியே தெரியும்வரை தொந்தரவு இல்லை. மூலையை வளைத்து உள்ளே வெட்டிவிட்டால், வெட்டின் முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூர்த்துணுக்கு பள்ளத்தின் அடியில் மீன் முள்போல நின்றுவிடும்; முன்னால் இருந்த நகம் போய்விட்டதால் சதையும் அந்த இடத்தில் மேலெழும்பி வந்துவிடும். நகம் வளர வளர அந்தத் துணுக்கு எழும்பி நிற்கும் சதையைத் துளைக்கிறது. வலிக்கிறதே என்று இன்னும் உள்ளே வெட்டுவோம். சில நாள் நிம்மதியாக இருக்கும். அடுத்த துணுக்கு முன்னதைவிட ஆழத்தில் உருவாகும்.

1. கருவியை எடுக்குமுன் விரலைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து, பக்கவாட்டுச் சதையை விரலால் மெல்ல விலக்கி, நகத்தின் இரண்டு மூலைகளும் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். இரண்டும் சதைக்கு மேலே தெரிந்தால் இந்தக் கட்டுரையின் முதல் ஏழு படிகளே போதும். ஏதேனும் ஒரு மூலை சதைக்குள் மறைந்திருந்தால் எட்டாவது படி உங்களுக்கானது. சீழ், சிவந்த ஈரச் சதை, பரவும் சிவப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் நேராக ஒன்பதாவது படிக்குச் செல்லுங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்கள் தாங்களாக நகம் வெட்டலாமா என்பதை முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குச் சிறு வெட்டு பட்டாலும் வலி தெரியாமல் போகலாம், புண் ஆறுவதும் தாமதமாகலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இந்த வரிசையில் வருவார்கள்.

2. நகவெட்டி: விளிம்பு நேராக இருக்க வேண்டும்

கடையில் நகவெட்டியை எடுத்ததும் அதன் வாயைப் பாருங்கள். பெரும்பாலான நகவெட்டிகளின் வெட்டும் விளிம்பு உள்நோக்கி வளைந்திருக்கும். அது கை நகத்தின் வடிவத்துக்காக அமைந்தது. அதைக் கொண்டு கால் நகத்தை வெட்டினால், நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் மூலைகளை அது வளைத்தே எடுக்கும். கால் நகத்துக்கு விளிம்பு நேர்கோடாக இருக்கும், சற்று அகலமான நகவெட்டி தேவை. கால் நகத்துக்கு என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படுபவற்றிலும் வளைந்த வாய் உள்ளவை உண்டு என்பதால், அட்டையை நம்பாமல் விளிம்பைப் பாருங்கள்.

விளிம்பு நேராக இருந்தால் மட்டும் போதாது, மேலும் கீழும் சரியாகப் பொருந்தவும் வேண்டும். கைப்பிடியை மெல்ல அழுத்தி, இரண்டு விளிம்புகளும் தொட்டு நிற்கும் நிலையில் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால் அந்த இடத்தில் நகம் அறுபடாமல் நசுங்கும். பிறகு ஒரு மெல்லிய காகிதத்தை வாயின் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் வைத்து வெட்டிப் பாருங்கள். காகிதம் சுத்தமாக அறுபட வேண்டும். மடங்கி நடுவில் சிக்கினால் அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். மூலையை வெட்டுவது இந்த ஓரங்கள்தான் என்பதால் நடுப்பகுதியை மட்டும் சோதித்துப் பயனில்லை. காந்தம் ஒட்டினால் அது நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்ல என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். கத்தி முனைக்குப் பயன்படும் கடினமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகள் காந்தத்தில் நன்றாகவே ஒட்டும்.

நகம் தடித்திருந்தால் சாதாரண நகவெட்டியின் வாய்க்குள் அது நுழையவே நுழையாது. வலுக்கட்டாயமாக நுழைத்தால் நகத்தின் மேல் அடுக்கு உரிந்து வரும். அப்படிப்பட்டவர்களுக்கு வாய் அகலமாகத் திறக்கும் நகவெட்டியும் உண்டு, குறடுபோல் இருக்கும் நிப்பரும் உண்டு. நிப்பரின் நன்மை, ஒவ்வொரு வெட்டும் எங்கே விழுகிறது என்பது கண்முன் தெரிவது. அதன் ஆபத்து கூர்மையான முனையில் இருக்கிறது: அந்த முனை மூலைக்குள் எளிதாக நுழையும், நுழைந்தால் வெட்டாமல் திரும்ப மனம் வராது. கைப்பிடிகளுக்கு நடுவிலுள்ள சுருள்வில் தானாகத் திறக்கிறதா, இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சந்திக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

செலவைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான்: கையில் இருக்கும் பணத்தை நகவெட்டியில் போடுங்கள், மற்றவற்றில் மிச்சம் பிடியுங்கள். பத்துப் பன்னிரண்டு கருவிகள் அடங்கிய தோல்பெட்டித் தொகுப்பு பார்வைக்குக் கவர்ச்சியாக இருக்கும். அதில் நமக்குப் பயன்படுவது இரண்டோ மூன்றோதான், அந்த இரண்டு மூன்றும் பெரும்பாலும் சுமாராகவே இருக்கும்.

3. அரம்: எண் கூடினால் சொரசொரப்பு குறையும்

அரத்தின் சொரசொரப்பை ஓர் எண்ணால் குறிப்பார்கள். 100 என்பது முரடானது, 180 நடுத்தரமானது, 240 மென்மையானது. கால் கட்டைவிரல் நகத்துக்கு 180 பெரும்பாலும் போதும். நகம் மிகத் தடித்திருந்தால் முதலில் 100 எண்ணால் தேய்த்துவிட்டு 180 எண்ணுக்கு மாறலாம். அட்டையில் மணல்தாள் ஒட்டிய அரம் மலிவு, ஆனால் கழுவ முடியாது என்பதால் ஒருவருக்கு மட்டுமே உரியதாக வைத்துச் சில தடவைகளுக்குப் பின் தூக்கியெறிய வேண்டும். கண்ணாடி அரத்தைச் சோப்பு போட்டுக் கழுவலாம், பல ஆண்டு உழைக்கும், கீழே விழுந்தால் உடையும். நகவெட்டியின் கைப்பிடியிலேயே பதித்திருக்கும் உலோக வரிகளை அரம் என்று எண்ண வேண்டாம்; அவை மூலையை மழுக்குவதற்குப் பதில் கீறிவிடுகின்றன.

4. புஷர்: நகத்தின் வேர்ப்பக்கத்துக்கு மட்டும்

புஷர் என்பது ஒரு முனை கரண்டிபோலத் தட்டையாக இருக்கும் சிறு கருவி. உலோகத்திலும் மரக்குச்சியிலும் ரப்பர் முனையுடனும் கிடைக்கும். நகத்தின் வேர்ப்பக்கத்தில் நகத்தோடு ஒட்டி முன்னால் வரும் இறந்த தோல்படலத்தைப் பின்னுக்குத் தள்ளுவதே அதன் வேலை. அந்தப் படலத்துக்குப் பின்னால் இருக்கும் உயிருள்ள தோல் விளிம்பு, கிருமி உள்ளே போகாமல் அடைத்து நிற்கிறது. அதைக் கிளப்பினாலோ கத்தரித்தாலோ நகச்சுற்று வர வழி திறக்கும். கால் நகத்துக்குப் புஷர் தேவைப்படுவதே அபூர்வம். தேவைப்பட்டால் குளித்து முடித்ததும், கருவியைப் படுக்கவைத்து, வலி தோன்றாத அளவுக்கு மெல்லத் தள்ளி நிறுத்திவிடுங்கள்.

பக்கவாட்டுப் பள்ளத்தில் புஷரை விடாதீர்கள். நகக்கண்ணில் சேர்ந்திருக்கும் அழுக்கைச் சுரண்டவோ, இறங்கிய மூலையை நெம்பி மேலே தூக்கவோ அதைப் பயன்படுத்தினால் பள்ளத்தின் தோல் கிழியும். அங்குள்ள அழுக்குக்கு மென்மையான பல் துலக்கியும் சோப்பு நீரும் போதும். சில தொகுப்புகளில் உள்வளர்ந்த நகத்தைத் தூக்குவதற்கென்றே கொக்கிபோல் ஒரு கருவி வரும். அது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய பொருள்.

5. எப்போது, எத்தனை நாளுக்கு ஒருமுறை

கால் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 1.6 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. கை நகத்தின் வேகத்தில் பாதி. ஆகையால் கை நகம் வெட்டும் நாளிலெல்லாம் கால் நகத்தையும் வெட்டுவது தேவையற்றது, தீங்கும்கூட. நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும். நகம் விரலின் நுனியைத் தாண்டி ஷூவின் உட்புறத்தில் முட்டத் தொடங்கினால் அதற்கு முன்னரே வெட்டுங்கள், ஏனெனில் அந்த முட்டலும் நகத்தைச் சதைக்குள் தள்ளும்.

தடித்த நகத்தைக் குளித்தபின், அல்லது வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்தபின் வெட்டினால் தெறிக்காது. மெல்லிய நகம் ஊறினால் துவண்டு, அறுபடாமல் மடங்கிக் கிழியும்; அதை உலர்ந்த நிலையிலேயே வெட்டுங்கள். அரம் போடுவதோ எவருக்கும் முழுவதும் உலர்ந்த பிறகுதான், இல்லையெனில் விளிம்பு நார் நாராகப் பிரியும்.

6. வெட்டும் முறை

காலை எதிரிலுள்ள தாழ்ந்த முக்காலியில் ஊன்றியோ, மற்ற தொடையின்மேல் வைத்தோ, நகத்தை நேர் மேலிருந்து பார்க்கும்படி உட்காருங்கள். குனிந்து பக்கவாட்டிலிருந்து பார்த்து வெட்டினால் கோடு சாய்ந்துபோகும். இரண்டு மூலைகளையும் இணைக்கும் ஒரு நேர்கோட்டை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். வெள்ளை விளிம்பு 1 முதல் 2 மில்லிமீட்டர் மிஞ்சும்படி அந்தக் கோடு அமைய வேண்டும். மூலைகள் சதைக்கு முன்னால் தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

ஒரே அழுத்தில் முழு நகத்தையும் வெட்ட முயலாதீர்கள். நகம் குறுக்காகக் கூரைபோல் வளைந்திருக்கிறது. நேரான வாய் அதை முழுதாகக் கவ்வும்போது தட்டையாக அழுத்துவதால் நடுவில் விரிசல் விழும். ஓர் ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 3, 4 மில்லிமீட்டர் அளவே கவ்வி, முந்தைய வெட்டு முடிந்த இடத்திலிருந்து அடுத்ததைத் தொடங்கி மறு ஓரத்துக்குச் செல்லுங்கள். வாயின் ஓரம் எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு வெட்டிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது சதைக்குள் மறைந்திருந்தால் அழுத்தாமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

இனி, பலரையும் சிக்கவைக்கும் இடத்துக்கு வருகிறோம். கடைசி ஓரத்தில் வெட்டிய பட்டை ஒரு நார் அளவுக்கு ஒட்டிக்கொண்டு தொங்கும். அதை விரலால் பிடித்து இழுத்துவிடத் தோன்றும். இழுத்தால் கிழிசல் நேராகப் போகாமல் பின்னோக்கிச் சரிந்து பள்ளத்துக்குள் இறங்கும். நான் தொடக்கத்தில் சொன்ன கூர்த்துணுக்கு உருவாவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. நீங்கள் நேராகவே வெட்டியிருந்தாலும் இந்த ஓர் இழுப்பு அதைக் கெடுத்துவிடும். தொங்கும் பட்டையை நகவெட்டியின் ஓரத்தால் அறுத்தே எடுங்கள். எட்டவில்லை என்றால் அரத்தால் தேய்த்துப் பிரியுங்கள்.

நகத்தின் நடுவில் ‘வி’ வடிவில் ஒரு வெட்டு வைத்தால் ஓரங்கள் நடுநோக்கி வளரும் என்று இப்போதும் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நகம் வேரிலிருந்து வளர்கிறது. முன் விளிம்பு இறந்த பொருள். அங்கே செய்யும் வெட்டு வேருக்கு எந்தச் செய்தியையும் அனுப்பாது, சாக்ஸில் மாட்டிக் கிழிவதற்கு மட்டும் ஓர் இடம் உண்டாகும்.

7. மூலையை அரத்தால் முடித்தல்

நேராக வெட்டியதும் இரண்டு மூலைகளும் கூராக நிற்கும், அடுத்த விரலைக் கீறும். இதற்காகவே பலர் மறுபடி நகவெட்டியை எடுக்கிறார்கள், அது வேண்டாம். அரத்தை மூலைமேல் வைத்து, ஓரத்திலிருந்து நகத்தின் நடுப்பக்கமாக ஒரே திசையில், கூர்மை போகும் அளவுக்குச் சில இழுப்புகள் மட்டும் கொடுங்கள். மூலை மழுங்க வேண்டுமே தவிர மறைந்துவிடக் கூடாது. பின்னர் ஒரு சிறு பஞ்சை விளிம்பின் நெடுகிலும் இழுத்துப் பாருங்கள். எங்காவது பஞ்சின் இழை சிக்கினால் அங்கே இன்னும் ஒரு கொக்கி இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மேலும் தேய்த்தால் போதும்.

8. ஏற்கெனவே வளைத்து வெட்டியிருந்தால்

என் அக்கா மகனுக்குப் பதினைந்து வயது, கால்பந்து ஆடுபவன். வலது கட்டைவிரலில், இரண்டாம் விரலை ஒட்டிய மூலை சதையின் முன்விளிம்புக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் பின்னால் முடிந்திருந்தது. அழுத்தினால் வலி, இலேசான வீக்கம், சீழ் இல்லை. கணக்கு எளிது: மாதம் 1.6 மில்லிமீட்டர் என்றால் அந்த மூலை சதையைக் கடந்து வெளியே வர இரண்டரை மாதம் ஆகும். இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளாதவர்கள் மூன்றாம் வாரத்தில் பொறுமை இழந்து மறுபடி வெட்டிவிடுகிறார்கள். வெட்டினால் எண்ணிக்கை பழையபடி தொடக்கத்துக்கே போய்விடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். தினமும் வெதுவெதுப்பான நீரில் பதினைந்து நிமிடம் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, பக்கச் சதையை நகத்திலிருந்து விலகும் திசையில் விரலால் நீவிவிட வேண்டும். மூலை சற்றே தெரிந்தால், சுத்தமான பஞ்சை நூல்போல் திரித்து, வலிக்காமல் போகும் அளவுக்கு மட்டும் அதன் அடியில் செருகி, நாள்தோறும் மாற்ற வேண்டும்; போகாவிட்டால் திணிக்கக் கூடாது. நகத்தின் நடுப்பகுதி விரலின் நுனியைத் தாண்டினால் அதை மட்டும் நேராகக் குறைக்கலாம், மூலையைத் தொடக் கூடாது. விரல்நுனிக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஒரு கைப்பெருவிரல் அகலம் இருக்க வேண்டும். அவனுடைய ஷூவில் அந்த இடம் இல்லை, வளரும் வயதில் கால் நீண்டுவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. ஷூவை மாற்றியதும் வலி பாதியாகக் குறைந்தது.

அவனுக்கு மிகவும் உறுத்தியது இரண்டாம் மாதத்தின் முடிவில். மூலை முன்பக்கச் சதையின் மேட்டைத் தொட்டு ஏறும் கட்டம் அது. ‘நகம் மறுபடி குத்துகிறது’ என்றே தோன்றும். வீக்கமும் சிவப்பும் கூடாமல் உறுத்தல் மட்டும் இருந்தால் மூலை வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த நாள்களில் பஞ்சுத்திரி மிகவும் உதவியது. மூலை மேட்டைக் கடந்து சதையின்மேல் உட்கார்ந்ததும் உறுத்தல் போய்விட்டது.

9. வீட்டு முயற்சியை நிறுத்த வேண்டிய இடம்

சீழ் வந்தால், நகத்தின் ஓரத்தில் தொட்டாலே ரத்தம் கசியும் சிவந்த சதை முளைத்தால், சிவப்பு விரலைத் தாண்டிப் பரவினால், காய்ச்சல் வந்தால், அல்லது சில நாள் ஊறவைத்தும் வலி கூடிக்கொண்டே போனால் மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், குறிப்பாக ரத்தம் உறையாமைக்கான மாத்திரை இருந்தால் அதன் பெயரும் அளவும், அண்மையில் எடுத்த சர்க்கரைப் பரிசோதனை முடிவு, மயக்க மருந்தோ வேறு மருந்தோ ஒவ்வாமல் போனதுண்டு என்றால் அந்த விவரம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். ஒரே கோணத்தில் நாளுக்கொன்றாக எடுத்த விரலின் புகைப்படங்கள் மிகவும் பயன்படும். ‘முன்பைவிடப் பரவாயில்லையா’ என்ற கேள்விக்கு நினைவைவிட அவை நம்பகமாகப் பதில் சொல்லும்.

திரும்பத் திரும்ப வரும் நகத்துக்குப் பொதுவாகச் செய்யப்படும் சிகிச்சையில், விரலின் அடியில் மரத்துப்போகும் ஊசி போட்டு, நகத்தின் ஓரப்பட்டையை மட்டும் எடுத்து, அந்தப் பட்டை மீண்டும் வளராதபடி அதன் வேரில் ஃபீனால் தடவுகிறார்கள். அன்றே வீடு திரும்பலாம். புண் சில வாரம் கசியும். நகம் முழுவதையும் பிடுங்குவதாகச் சொன்னால், ஓரத்தை மட்டும் எடுத்தால் போதாதா என்று கேளுங்கள். பிடுங்கிய நகம் முழுதாகத் திரும்பி வர ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஆகும், வேரை எதுவும் செய்யாவிட்டால் அதே மூலை மறுபடி இறங்கக்கூடும். சொல்லப்படும் கட்டணத்தில் பின்னால் கட்டு மாற்றும் வருகைகளும் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்கு முன்பக்கம் திறந்த செருப்பு போட்டுச் செல்வது நல்லது, கட்டுப் போட்ட விரல் ஷூவுக்குள் போகாது.

10. கருவிகளை வைத்துக்கொள்ளும் விதம்

உலோகக் கருவிகளை ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, துடைத்து உலர்த்தி, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில நிமிடம் வைத்தெடுங்கள். அழுக்கோடு ஆல்கஹாலில் போட்டால் பயன் குறைவு. பிளீச்சிங் கலந்த நீரில் ஊறவைத்தால் விளிம்பில் துரு ஏறி, கூர்மை போய்விடும். ஆல்கஹால் எல்லாப் பூஞ்சை வித்துகளையும் கொன்றுவிடும் என்று எண்ணி ஒரே நகவெட்டியை வீடு முழுவதும் பகிர வேண்டாம். ஒருவருக்கே ஒரு நகத்தில் மட்டும் பூஞ்சைத் தொற்று இருந்தால், மற்ற நகங்களை முதலில் வெட்டிவிட்டு அதைக் கடைசியில் வெட்டுவதோடு, அந்த நகத்துக்கு வேறு அரத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். நகவெட்டியின் அச்சில் அவ்வப்போது ஒரு துளி எண்ணெய் விடுங்கள். காகிதச் சோதனையில் அது தோற்கத் தொடங்கிய நாளில் மாற்றிவிடுங்கள்.